கண்ணுக்கு ஒண்டு, கொம்பியூட்டருக்கு ரெண்டு

"உங்கட பேர் இதில இல்லயே பெத்தா."

இந்த வசனத்தைச் சொன்னது வேற ஆருமில்ல, நான்தான். ஒரு வெள்ள காலம். படுவான்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில மடிக்கணினியை வச்சுக்கொண்டு, உலர் உணவுப் பொதிக்கு வந்த ஆக்களின் பேரைப் பார்த்துக்கொண்டிருந்தன். பெத்தா தன் பேரைச் சொன்னா. நான் ரைப் பண்ணித் தேடினன். ஒண்டும் வரல்ல. (பேரை மாத்தித்தான் எழுதுறன். கோசலாதேவி எண்டு வச்சுக்கொள்ளுவம்.)

"வடிவாப் பாரு மனே, நேத்துத்தானே எழுதிக்கொண்டு போனாங்க" எண்டா.

தேடலை விட்டுட்டு, லிஸ்ட்டை மேலிருந்து கீழே விரலால் இழுத்துப் பார்த்தன். நாலாவது திரையில் இருந்தா. அதே கிராமம், அதே பேர். எழுத்துக்கு எழுத்து நான் ரைப் பண்ணினது எதுவோ அதுதான் அங்கேயும் இருந்தது. ஆனாலும் மென்பொருள் "இல்லை" எண்டு சொன்னது. பக்கத்தில் இருந்த அண்ணா எட்டிப் பார்த்துட்டு, "ஆரோ பிழையா ரைப் பண்ணியிருக்காங்க" எண்டார். பெத்தா தலையைக் குனிஞ்சா. தன்ட பேரைத் தான்தான் சரியாச் சொல்லல்ல போல எண்டு நினைச்சிருப்பா.

இந்தக் கட்டுரை அந்த அண்ணா சொன்ன வசனத்துக்கு எதிரானது. ஆரும் பிழையா ரைப் பண்ணல்ல. பெத்தாவும் பிழையாச் சொல்லல்ல. பிழை மென்பொருளில் இருந்தது. அதுவும் திருத்த ரெண்டு வரி போதுமான பிழை.

ஒரு 'கோ', ரெண்டு விதம்

முதலாம் வகுப்பில் 'கோ' எழுதினதை ஞாபகப்படுத்துங்க. முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. கையில் எழுதும்போது மூண்டு துண்டு. வாசிக்கும்போது ஒரு எழுத்து.

கணினி எழுத்துகளைப் படமாக வச்சிருக்கிறதில்ல. ஒவ்வொரு குறிக்கும் ஒரு இலக்கம் கொடுத்து அந்த இலக்கங்களை வரிசையாகச் சேமிக்குது. இப்ப உலகம் முழுக்கப் பாவிக்கிற இலக்கப் பட்டியல்தான் யூனிகோட். 1991இல் வெளிவந்த முதல் பதிப்பிலிருந்தே தமிழ் அதில் இருக்கு. அதில் 'ோ' எண்ட ஓகாரக் குறிக்குத் தனியாக ஒரு இலக்கம் உண்டு. ஆனால் இரட்டைக் கொம்புக்கும் தனி இலக்கம் உண்டு, அரவுக்கும் தனி இலக்கம் உண்டு. ஆகவே க-வுக்குப் பிறகு ஓகாரக் குறியை ஒரே இலக்கமாகவும் போடலாம், கொம்பும் அரவுமாக ரெண்டு இலக்கமாகவும் போடலாம். திரையில் ரெண்டும் ஒரே 'கோ'தான்.

இப்படி ரெண்டு விதமாக எழுதக்கூடியவை தமிழில் நாலே நாலு:

```
ொ  U+0BCA  =  U+0BC6 + U+0BBE
ோ  U+0BCB  =  U+0BC7 + U+0BBE
ௌ  U+0BCC  =  U+0BC6 + U+0BD7
ஔ  U+0B94  =  U+0B92 + U+0BD7
```

யூனிகோட் இதை ஒளிச்சு வைக்கவில்லை. இடப்பக்கமும் வலப்பக்கமும் சமம், ரெண்டுக்கும் பொருள் வேறுபாடு இல்லை எண்டு தன் தரவிலேயே எழுதி வச்சிருக்கு. ஆனால் அந்தச் சமத்தை மென்பொருள் தானாக உணராது. "இந்தப் பேரும் அந்தப் பேரும் ஒண்டா?" எண்டு கேட்டால், பெரும்பாலான நிரல்மொழிகள் இலக்கங்களை ஒண்டொண்டாக ஒப்பிட்டுப் பார்க்கும். ஓரிடத்தில் வேறுபட்டால் "இல்லை" எண்டு சொல்லிவிடும். கண்ணுக்கு ஒண்டா இருக்கிறது அதுக்குத் தெரியாது, அதுக்குக் கண் இல்ல.

பெத்தாவின் பேரையே பாருங்க. கோசலாதேவி, வாசிக்க ஐந்து எழுத்து. நான் தேடல் பெட்டியில் ரைப் பண்ணினதில் ஒன்பது இலக்கங்கள் இருந்தன. லிஸ்ட்டில் இருந்ததில் பத்து. ரெண்டாவது இலக்கத்திலேயே வேறுபாடு வந்துட்டுது. அதுக்குப் பிறகு முழுப் பேரும் ஒத்திருந்தாலும் அது கணக்கில்ல.

ஊர்ப் பேரில் இது இன்னும் மோசம். கொக்கட்டிச்சோலையில் 'கொ'வும் இருக்கு, 'சோ'வும் இருக்கு. ரெண்டையும் முழுக் குறியாக எழுதினால் 15 இலக்கம். ஒண்டை மட்டும் பிரிச்சு எழுதினால் 16, அது ரெண்டு விதமாக வரலாம். ரெண்டையும் பிரிச்சால் 17. ஆகவே ஒரே பிழைதிருத்தப்பட்ட எழுத்தில், ஒரே ஊர், நாலு ஊராகலாம். எங்கட லிஸ்ட்டில் அது ரெண்டு ஊராக இருந்தது. "கிராமவாரியாக எத்தனை பொதி" எண்டு கூட்டின தாளில் கொக்கட்டிச்சோலை ரெண்டு வரியில் வந்ததை நாங்க எல்லாரும் பார்த்தோம். "டபுளா விழுந்திருக்கு போல" எண்டு விட்டுட்டோம். அதுதான் முதல் அறிகுறி. கவனிச்சிருக்கணும்.

நம்பாதவர்கள் பைதனில் இதை ஓட்டிப் பாருங்க:

```python
import unicodedata as u
a = "\u0B95\u0BCB"         # கோ
b = "\u0B95\u0BC7\u0BBE"   # கோ
print(a == b)              # False
print(u.normalize("NFC", a) == u.normalize("NFC", b))  # True
```

பிரிஞ்ச 'கோ' எங்கிருந்து வந்தது?

எங்கட லிஸ்ட் மூண்டு இடத்திலிருந்து வந்தது. ஒண்டு ஒரு தம்பி போனில் ரைப் பண்ணினது. ஒண்டு நான் மடிக்கணினியில் ரைப் பண்ணினது. மூண்டாவது, ஊரில் ஒரு அக்கா பல வருசமாக வச்சிருந்த வேர்ட் கோப்பு. அது பாமினி எழுத்துருவில் இருந்தது.

இலங்கையில் தமிழ் ரைப் பண்ணின ஆருக்கும் பாமினியை அறிமுகப்படுத்தத் தேவையில்ல. கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், கூட்ட அறிக்கை எல்லாத்திலும் அதுதான். பாமினியில் உண்மையில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள். தமிழ் மாதிரித் தெரிவது எழுத்துரு போட்ட வேசம். கொக்கட்டிச்சோலை பாமினியில் இப்படித்தான் இருக்கும்:

```
nfhf;fl;br;Nrhiy
```

முதல் மூண்டு எழுத்தைப் பாருங்க. `n` ஒற்றைக் கொம்பு, `f` க, `h` அரவு. கையில் எழுதுற அதே வரிசை. இதை யூனிகோடுக்கு மாத்துற மாற்றிகள் நிறைய உண்டு. ஒழுங்காக எழுதின மாற்றி, `nfh` எண்ட மூண்டையும் சேர்த்துப் பார்த்து 'கொ' எண்டு மாத்தும். சோம்பேறி மாற்றி, கொம்பைத் தூக்கி க-வுக்குப் பின்னால் போட்டுட்டு, அரவை அப்படியே விட்டுவிடும். திரையில் சரியாகத் தெரியும், மாத்தினவருக்கும் திருப்தி. ஆனால் உள்ளே அது பிரிஞ்ச 'கொ'. எங்கட மூண்டாவது லிஸ்ட்டில் நடந்தது இதுதான். சில விசைப்பலகைகளும் கொம்பையும் அரவையும் தனித்தனியாக அழுத்த விடும், அதிலும் இதே விளைவு வரலாம்.

அந்த அக்கா பிழை விட்டாவா? இல்ல. அவட 'கொ' யூனிகோட் விதிப்படி முழுக்கச் சரியான 'கொ'. சரியான ரெண்டு வடிவத்தை ஒண்டு எண்டு அறியாத தேடல்தான் பிழை.

செய்ய வேண்டிய வேலை

இதுக்கு மருந்து ஏற்கெனவே உண்டு. ஆங்கிலத்தில் நோர்மலைசேசன் எண்டு சொல்லுவாங்க. தமிழில் சீராக்கம் எண்டு சொல்லலாம். ஒப்பிடுறதுக்கு முன்னால், எல்லாப் பேரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வருவது. ஒரு பேரில் உள்ள கூட்டுக் குறிகள் எல்லாத்தையும் முதலில் துண்டாக்கி, பிறகு சேரக்கூடிய துண்டுகளைச் சேர்த்து முழுக் குறியாக்குவது ஒரு முறை. அதுக்கு `NFC` எண்டு பேர். துண்டாக்கின நிலையிலேயே விடுவது இன்னொரு முறை, அது `NFD`. எதை எடுத்தாலும் பரவாயில்ல. எல்லா இடத்திலும் அதையே எடுக்கணும் எண்டதுதான் விசயம். பைதனில் மேலே காட்டின கட்டளை. ஜாவாஸ்கிரிப்டில் `normalize("NFC")`. போஸ்கிரஸ் தரவுத்தளத்தில் 13ஆம் பதிப்பிலிருந்து `normalize()` உண்டு. காசு கட்ட வேண்டிய ஒண்டும் இல்ல.

இதில் எல்லாரும் விடுற ஒரு தவறு இருக்கு, நாங்களும் விட்டோம். அந்தச் சின்ன மென்பொருளை எழுதின நண்பனுக்கு விசயத்தைச் சொன்னதும், தேடல் பெட்டியில் ரைப் பண்ணுற பேரைச் சீராக்கினான். பெத்தா இன்னும் வரல்ல! ஏனெண்டால் நான் ரைப் பண்ணினது முதலே முழுக் குறிதான். அதைச் சீராக்கி ஒண்டும் மாறப் போறதில்ல. பிரிஞ்சு கிடந்தது லிஸ்ட்டில். சேமிச்சதையும் சீராக்கணும், தேடுறதையும் சீராக்கணும். ரெண்டு பக்கத்தையும் செய்யாட்டி ஒரு பக்கத்தைச் செய்ததில் பயனில்ல. லிஸ்ட்டையும் சீராக்கின பிறகு கோசலாதேவி வந்தா. கொக்கட்டிச்சோலையும் ஒரே ஊராயிட்டுது. ரெண்டு லிஸ்ட்டிலும் இருந்து ரெண்டு பேராக எண்ணப்பட்ட சில ஆக்கள் ஒராளாகினார்கள். அதால மிஞ்சின பொதிகள், லிஸ்ட்டிலேயே இல்லாத ஆக்களுக்குப் போனது.

உங்கட லிஸ்ட்டில் இந்த நோய் இருக்கா எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எக்செலில் ஒரே மாதிரித் தெரியுற ரெண்டு பேருக்குப் பக்கத்தில் `=LEN(A2)` போட்டுப் பாருங்க. ஒண்டுக்கு 9, மற்றதுக்கு 10 வந்தால் உள்ளே ஏதோ வேறுபாடு. இன்னொரு வழி, இலக்க வரிசைப்படி அடுக்கின லிஸ்ட்டைக் கண்ணால் பார்ப்பது. பிரிஞ்ச கோசலா, கைலாசபிள்ளைக்கு முன்னால் நிற்பா. முழுக் கோசலா, கைலாசபிள்ளைக்குப் பின்னால் நிற்பா. ஒரே பேர் 'கை'க்கு ரெண்டு பக்கமும் நின்றால், அங்க ரெண்டு விதமான 'கோ' கிடக்கு.

"அப்படியெண்டா இங்கிலீசில எழுதுங்களன்"

இதைச் சொன்னதும் வழமையாக மூண்டு பதில் வரும்.

முதலாவது, "தமிழ் எழுத்து சிக்கல், பேரை இங்கிலீசில எழுதினா பிரச்சினை முடிஞ்சுது." முடியாது, பெருகும். கொக்கட்டிச்சோலையையே இங்கிலீசில் `Kokkadicholai`, `Kokkaddichcholai`, `Kokkatticholai` எண்டு எத்தனை விதமாக எழுதுறம்? தமிழில் இருந்த நாலு வடிவத்தையும் ஒரே கட்டளை ஒண்டாக்கும். இங்கிலீசில் உள்ள மூண்டையும் எந்தச் சீராக்கமும் ஒண்டாக்காது, ஏனெண்டால் அவை உண்மையிலேயே வேற வேற எழுத்துக்கூட்டல்கள்.

இலத்தீன் எழுத்து இந்தச் சிக்கலுக்கு வெளியே நிற்கிறதும் இல்ல. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. வெளிநாட்டு நூலகங்கள் தமிழ் நூற்பேர்களை இலத்தீன் எழுத்தில் எழுதும்போது மேலே கோடும் கீழே கோடும் போட்டு `Yāḻ nūl` எண்டு எழுதும். அந்தக் கோடு போட்ட மூண்டு எழுத்தும் எங்கட 'கோ' மாதிரித்தான். `ā` ஒரே இலக்கமாகவும் இருக்கலாம், `a`வும் மேற்கோடுமாக ரெண்டாகவும் இருக்கலாம். முழுசாக எழுதினால் இடைவெளியோட சேர்த்து 7 இலக்கம், பிரிச்சால் 10. பிரெஞ்சுக்காரரின் `é`க்கும் வியட்நாம்காரரின் பேர்களுக்கும் இதே கதை. ஆக, இது தமிழின் குறையில்ல. ஒரு எழுத்தைத் துண்டுகளாகவும் எழுதலாம் எண்ட எல்லா எழுத்துமுறைக்கும் பொதுவானது. சிங்களத்திலும் ஒகரக் குறி `U+0DDC`, அது `U+0DD9`ம் `U+0DCF`ம் சேர்ந்ததுக்குச் சமம். கொழும்பில் இருந்து மென்பொருள் எழுதுறவருக்கும் இந்த ரெண்டு வரி தேவை.

ரெண்டாவது பதில், "அடையாள அட்டை இலக்கத்தால தேடுங்க." தேடலாம், அட்டை இருந்தால். வெள்ளத்தில் அட்டை போன ஆளிடம் இலக்கம் கேட்கிறது எப்படி இருக்கும் எண்டு யோசிங்க. அதோட, எங்கட நாட்டில் ஒன்பது இலக்கத்துக்குப் பின்னால் `V` போட்ட பழைய அட்டையும் உண்டு, 12 இலக்கப் புதிய அட்டையும் உண்டு. ஒரே ஆள் ஒரு லிஸ்ட்டில் பழைய இலக்கத்தோடும், மற்றதில் புதிய இலக்கத்தோடும் இருக்கலாம். அதையும் ஒப்பிட முதல் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரத்தான் வேணும். பேரில் இருந்து தப்பி ஓடினாலும் அதே வேலை முன்னால் நிற்கும்.

மூண்டாவது, "எல்லாரும் ஒரே விசைப்பலகை பாவிச்சா சரி." இனிமேல் எழுதப் போறதுக்கு வேணுமெண்டால் சரி. ஏற்கெனவே எழுதிக் கிடக்கிறதை என்ன செய்யிறது? அந்த அக்காவின் கோப்பைத் திரும்ப முழுசா ரைப் பண்ணுறதா? மனுசரை ஒரே மாதிரி எழுதச் சொல்லுறது கஷ்டம். மென்பொருளை ஒரே மாதிரி வாசிக்கச் சொல்லுறது லேசு. லேசான பக்கத்தை விட்டுட்டு கஷ்டமான பக்கத்தைத் திருத்தச் சொல்லுறவர்கள், உண்மையில் தங்கட வேலையை எங்கட தலையில் கட்டுறாங்க.

சீராக்கம் செய்யாததும், செய்யக் கூடாததும்

இவ்வளவு வக்காலத்து வாங்கிட்டு, அதால ஏலாததையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்ல.

எங்கட கூத்தை ஆராய்ந்த பேராசிரியர் சி. மௌனகுருவின் பேரை எடுங்க. 'மௌ'வை மூண்டு விதமாக ரைப் பண்ணலாம். ஔகாரக் குறியை முழுசாகப் போடலாம். கொம்பும் `U+0BD7` எண்ட ஔகாரத் துண்டுமாகப் பிரிக்கலாம். அல்லது, நிறையப் பேர் செய்யிற மாதிரி, கொம்பு போட்டுட்டு அந்தத் துண்டுக்குப் பதிலாக ள எழுத்தையே அடிக்கலாம்: மெளனகுரு. நீங்க இதை வாசிக்கிற திரையில் அது வேற மாதிரித் தெரியுதா? பெரும்பாலும் தெரியாது.

`NFC` முதல் ரெண்டையும் ஒண்டாக்கும். மூண்டாவதைத் தொடாது. தொடாமல் விடுறது சரியும்தான். ஏனெண்டால் 'ெ'வும் 'ள'வும் பக்கத்தில் வருவது தமிழில் வழமை. வெள்ளத்தில் வருது, வெளியில் வருது, வாவியில் பிடிக்கிற கெளுத்தியில் வருது. கண்ணை மூடிக்கொண்டு எல்லா 'ெள'வையும் 'ௌ' ஆக்கினால் கெளுத்தி உடைஞ்சு போகும். ள-வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடத்தில் மட்டும் மாத்தலாம் எண்டு ஒரு விதி வைக்கலாம். அதுவும் முழுக்கச் சரியில்ல, விளக்கை 'வெளக்கு' எண்டு பேச்சில் எழுதுற ஆளின் ள-வை அது விழுங்கிவிடும்.

'ஸ்ரீ'யும் அப்படித்தான். ஸ-வில் தொடங்கியும் எழுதலாம். 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். நிறைய எழுத்துருக்களில் ரெண்டும் ஒரே உரு. ஆனால் யூனிகோட் ரெண்டையும் சமம் எண்டு சொல்லவில்லை, ஆகவே `NFC` ஒண்டாக்காது. பாமினியிலிருந்து கொம்பை முன்னாலேயே விட்டுட்டு மாத்தின குப்பையையும் அது திருத்தாது, அதுக்கு வரிசை மாத்தத் தெரியாது.

இதைவிட முக்கியமான எல்லை ஒண்டு இருக்கு. சிறீதரன் எண்டு எழுதுறவரும் ஸ்ரீதரன் எண்டு எழுதுறவரும் வேற வேற முடிவு எடுத்த ஆக்கள். காத்தான்குடியில் முகம்மது எண்டு எழுதுறவர் ஒராள், முஹம்மத் எண்டு எழுதுறவர் இன்னொராள். அது எழுத்துக்கூட்டல். அது அவரவர் உரிமை. சீராக்கம் எண்ட பேரில் ஒரு மென்பொருள் இதையெல்லாம் ஒரே அச்சில் வார்த்தால், அதுக்கும் நான் எதிர்ப்புத்தான்.

ஆகவே நான் கேட்கிறது ரெண்டு அடுக்கு வேலை. ஆள் தன் பேரை எழுதின விதத்தை எழுதின மாதிரியே ஒரு நிரலில் வையுங்க, அதைத்தான் அட்டையிலும் கடிதத்திலும் அச்சடிக்கணும். பக்கத்தில் ஒப்பிடுறதுக்கு மட்டும் இன்னொரு நிரல் வையுங்க. அதில் `NFC` கட்டாயம், கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் பேருக்கு முன்பின் உள்ள வெற்றிடத்தையும் நீக்குங்க. இந்த அளவில் ஒத்துப்போனால் அது எழுத்தளவில் அதே பேர்தான். 'மெளன'வும் 'ஶ்ரீ'யும் மாதிரியான சந்தேகங்களில் மென்பொருள் "இவராக இருக்கலாமா?" எண்டு காட்டட்டும், தீர்மானம் மனுசர் எடுக்கட்டும். முதலாவதில் ஆளைக் கேட்கத் தேவையில்ல. ரெண்டாவதில் ஆளைக் கேட்காமல் செய்யக் கூடாது.

லிஸ்ட் எண்டது எங்களுக்குச் சின்ன விசயமில்ல

சரி, ஒரு உணவுப் பொதிக்கு இவ்வளவு சத்தமா எண்டு கேட்பீங்க.

நான் படிக்கிற வந்தாறுமூலை வளாகம் 1990இல் ஒரு அகதி முகாமாக இருந்தது. அந்த வருசம் செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள் எண்டு பதிவாகியிருக்கு. அவர்கள் திரும்பி வரவில்லை. இந்த மாவட்டத்தில் இப்படி எத்தனையோ தாய்மார், பிள்ளையின் பேரைக் கையால் எழுதி, ஆணைக்குழு மாறி ஆணைக்குழுவுக்குக் கொடுத்தவர்கள். ஒரே பேர் பல கடதாசியில், பல கையெழுத்தில் கிடக்கு.

அந்தக் கடதாசிகளை ஒரு நாள் ஆரோ ரைப் பண்ணத்தான் போறாங்க. ஒருவர் போனில், ஒருவர் பாமினியில். பிறகு ரெண்டு லிஸ்ட்டையும் ஒப்பிட்டு, "இவர் அங்கேயும் இருக்கிறாரா?" எண்டு கேட்கப் போறது மனுசரில்ல, ஒரு மென்பொருள். அது யோகநாதனுக்கும் யோகநாதனுக்கும் இடையில் ஒரு அரவைக் கண்டு "இல்லை" எண்டு சொன்னால், இருந்த ஒராள் லிஸ்ட்டில் ரெண்டாம் முறை காணாமல் போவார். ஒராளை ரெண்டு பேராக எண்ணினால், "தொகையைக் கூட்டிக் காட்டுறாங்க" எண்டு சொல்லக் காத்திருக்கிறவர்களுக்கு நாங்களே சாட்சி எடுத்துக் கொடுத்ததாகும்.

அதால, தமிழ்ப் பேர் வாங்குற எந்தப் படிவம், எந்த ஆப், எந்த லிஸ்ட் செய்யிற நண்பருக்கும் ஒரு பரீட்சை. கொக்கட்டிச்சோலையை நாலு விதமாக உள்ளே போடுங்க. தேடுங்க. நாலும் வரணும். ஊர்களை எண்ணச் சொல்லுங்க. ஒண்டு எண்டு சொல்லணும். சொல்லாட்டி அதை இன்னும் ஊருக்குள்ள கொண்டுவர வேண்டாம்.

பெத்தாவுக்கு அண்டைக்கே பொதி கிடைச்சுது. போகும்போது, "என்ட பேர்ல என்ன மனே பிழை?" எண்டு கேட்டா. கொம்பு, அரவு, இலக்கம் எண்டெல்லாம் விளங்கப்படுத்த வாய் வரல்ல. "உங்கட பேர்ல ஒரு பிழையும் இல்ல பெத்தா, எங்கட மெசின்லதான்" எண்டன்.